எட்டு நிமிடத்தில் ஒரு வருடம்: நள்ளிரவைத் தாண்டிப் பிறந்த இரட்டையர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கத்தில் பிறப்பு இறப்புப் பதிவு வேலையில் பல வருடம் இருந்தேன். என் அண்ணன் மகள்கள் இரட்டையர். மூத்தவள் 2007 டிசம்பர் 31 இரவு 11.56-க்குப் பிறந்தாள். இளையவள் அதே இரவு 12.04-க்கு, அதாவது 2008 ஜனவரி 1-ல். மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று இந்த விஷயத்தைப் பார்த்தவன் என்பதால் தெரிந்தவர்கள் எல்லாம் என்னிடம்தான் கேட்கிறார்கள். கேட்டவற்றை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதுகிறேன்.

ஒரே வயிறு, ஒரே ராத்திரி. எட்டு நிமிஷத்துக்காக எப்படி சார் ஒரு வருஷம் வித்தியாசம் வரும்?

பதிவேட்டில் நேரத்துக்கு இடமே கிடையாது, அதனால்தான். பிறப்பு அறிக்கைப் படிவத்தில் பிறந்த தேதி, பாலினம், பெற்றோர் பெயர், பிறந்த இடம் என்று வரிசையாகக் கேட்பார்கள். மணி எத்தனை என்று கேட்க மாட்டார்கள். பிறப்புச் சான்றிதழிலும் நேரம் அச்சாவதில்லை. எட்டு நிமிட இடைவெளி படிவத்துக்குள் நுழையும்போது ஒரு முழு நாளாகிவிடுகிறது. அந்த நாள் டிசம்பர் 31-ஐத் தாண்டுவதாக இருந்தால் வருட எண்ணும் மாறுகிறது.

இதைவிட முக்கியம், நாம் பேசுகிற முறை. நமக்கு ராத்திரி என்பது விடிகிற வரைக்கும் முந்தின நாளைச் சேர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் நடந்ததையும் "செவ்வாக்கிழமை ராத்திரி, விடிஞ்சா புதன்" என்றுதான் சொல்வோம். 2008 புத்தாண்டு செவ்வாய்க்கிழமை பிறந்தது. எங்கள் அம்மா இன்றைக்கும் "ரெண்டும் திங்கக்கிழமை ராத்திரி பொறந்ததுங்க, விடிஞ்சா செவ்வா" என்பார். அவர் சொல்வதில் தப்பே இல்லை. சர்க்கார் கணக்கில் மட்டும் பன்னிரண்டு அடித்ததும் நாள் மாறிவிடும். இரட்டையர் பதிவில் நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல், யாரோ ஒருவர் "31-ஆம் தேதி ராத்திரி 12.04" என்று சொல்ல, எழுதுகிறவர் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டதால் வந்தவை.

பிறந்த நேரம்னா எது? தலை தெரிஞ்சதா, அழுததா, தொப்புள் கொடி அறுத்ததா?

குழந்தை முழுதாகத் தாயின் உடலை விட்டு வெளியே வந்த நேரம். தலை மட்டும் வந்தது கணக்கில்லை. கொடி வெட்டியதும், நஞ்சு விழுந்ததும் அதற்கப்புறம் நடப்பவை. வெளியே வந்தபின் மூச்சோ வேறு உயிர்க்குறியோ தெரிந்தால் உயிருள்ள பிறப்பு என்பது சட்டத்தின் விளக்கம்.

இரட்டையரில் இந்த நேரத்தை இரண்டு தடவை குறிக்க வேண்டும். சிசேரியன் என்றால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஓரிரு நிமிடம்தான் இடைவெளி இருக்கும். சுகப்பிரசவம் என்றால் பத்து நிமிடம், இருபது நிமிடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். அந்த இடைவெளியில் டாக்டருக்கும் நர்ஸுக்கும் கவலை முழுக்க இரண்டாவது குழந்தை எப்படித் திரும்பிக் கிடக்கிறது, அதன் நாடித்துடிப்பு எப்படி என்பதில்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். கடிகாரத்தை யாராவது ஓரக்கண்ணால் பார்த்துச் சத்தமாகச் சொல்வார்கள், இன்னொருவர் உள்ளங்கையிலோ கையுறை உறை மீதோ குறித்துக்கொள்வார். பிறகு அது கேஸ் ஷீட்டுக்கும் லேபர் ரிஜிஸ்டருக்கும் போகும்.

எந்தக் கடிகாரம் என்பது அடுத்த சிக்கல். பிரசவ அறைச் சுவர்க் கடிகாரம் நாலு நிமிடம் மெதுவாக ஓடினால், 12.02-க்குப் பிறந்த குழந்தை 11.58-க்குப் பிறந்ததாகிவிடும். மற்ற நாட்களில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. நள்ளிரவில் மட்டும் அந்த நாலு நிமிடத்துக்கு ஒரு தேதியின் விலை. வெளியே வராந்தாவில் நின்ற அப்பா தன் செல்போனில் பார்த்த நேரம் சரியாகவே இருந்தாலும், பிரசவம் பார்த்தவர்கள் எழுதிய நேரம்தான் ஆவணம்.

ஆஸ்பத்திரியில ரெண்டு பேருக்கும் 31-ன்னே எழுதிட்டாங்க. அப்படியே விட்டுட்டா என்ன, ஒரே பிறந்தநாளா இருக்கட்டுமே?

என் அண்ணன் இதையேதான் சொன்னார். அப்புறம் பன்னிரண்டு வருடம் கழித்து நானும் அவரும் சேர்ந்து அலைந்தோம்.

பிரசவம் டெல்டாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. இரவு ஷிப்ட் நர்ஸ் எட்டு மணிக்கு வந்ததும் ரிஜிஸ்டரில் புதுப் பக்கம் திருப்பி, மேலே 31.12.2007 என்று போட்டுவிட்டார். அது அவர்கள் வழக்கம். மூத்தவள் வரியில் 11.56, இளையவள் வரியில் 12.04 என்று நேரம் சரியாகவே ஏறியிருந்தது. இளையவளின் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக 1.1.08 என்றும் எழுதியிருந்தார். நாலு நாள் கழித்து அலுவலகத்தில் பிறப்பு அறிக்கை நிரப்பியவர் பக்கத்தின் தலையில் இருந்த தேதியைப் பார்த்து இரண்டு படிவத்திலும் 31.12.2007 போட்டு அனுப்பிவிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிய டாக்டரோ கேஸ் ஷீட்டைப் பார்த்து இளையவளுக்கு 1.1.2008 என்று எழுதியிருந்தார். தடுப்பூசி அட்டை அதைப் பார்த்து நிரப்பப்பட்டது. பள்ளியில் சேர்க்கும்போது அண்ணி நீட்டியது தடுப்பூசி அட்டையை.

ஆக இளையவளுக்குச் சான்றிதழில் ஒரு பிறந்தநாள், பள்ளியில் ஒரு பிறந்தநாள். 2019-ல் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுதான் இது வெளியே வந்தது. மூத்தவள் விண்ணப்பம் போய்விட்டது, இளையவளுடையது நின்றுவிட்டது.

ஒரே தேதியாக இருந்தால் சௌகரியம்தானே என்று தோன்றும். எல்லாக் காகிதத்திலும் அதே தேதி இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அப்படி இருக்காது. மருத்துவமனைக் காகிதம் உண்மையான தேதியைப் பிடித்துக்கொண்டே இருக்கும், அதிலிருந்து ஒன்று பிறக்கும், அதிலிருந்து இன்னொன்று. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு இது இன்னும் இறுக்கம். பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் என்று சட்டத்திருத்தமே வந்துவிட்டது. தடுப்பூசி அட்டையை நீட்டிச் சமாளிக்கிற காலம் அவர்களுக்கு இல்லை.

அப்போ ரெண்டு பேருக்கும் ஜனவரி 1-ன்னு எழுதச் சொல்லலாமா? புத்தாண்டுக் குழந்தைன்னு பேப்பர்ல போட்டோ வேற வரும்...

சொல்லாதீர்கள். அது பொய்த் தகவல், பதிவுச் சட்டத்தில் அதற்கு அபராதம் உண்டு. கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுகிற இடங்களும் உண்டு என்பதால்தான் சொல்கிறேன்.

சரி, திருத்தணும்னா எங்க போகணும், என்னென்ன கொண்டு போகணும்?

பிறந்த இடம் எந்தப் பதிவாளரின் எல்லையில் இருக்கிறதோ அங்கே. வீடு இருக்கிற ஊர் அல்ல. பாபநாசம் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணுக்குத் தஞ்சாவூரில் பிரசவம் என்றால் பதிவு தஞ்சாவூரில்தான் இருக்கும். உள்ளூர் விஏஓ-விடம் போய் நிற்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது இருப்பார்கள்.

சட்டம் 1969-ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், பிரிவு 15. பதிவு தவறு என்று பதிவாளருக்குத் திருப்தியாக நிரூபித்தால் அவர் திருத்தலாம். ஆனால் பழைய பதிவை அழிக்கவோ அடிக்கவோ கூடாது. ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ஆகவே திருத்தப்பட்ட பதிவில் பழைய தேதி எப்போதும் கண்ணில் படும்படியே இருக்கும். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

எழுத்துப்பிழை மாதிரி சின்னத் தவறு என்றால் பதிவாளர் விசாரித்துத் தானே திருத்துவார். பிறந்த தேதி மாறுவது சின்னத் தவறு அல்ல. விவரம் அறிந்த, நம்பத்தக்க இரண்டு பேர், தவறு என்ன, உண்மை என்ன என்று எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி தேவை. அதோடு, தாங்கள் அனுப்பிய அறிக்கையில் தேதி தவறு என்று மருத்துவமனை தரும் கடிதமும், லேபர் ரிஜிஸ்டர் பக்கத்தின் சான்றொப்பமிட்ட நகலும் இருந்தால் வேலை நகரும்.

எங்கள் விஷயத்தில் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்களுக்கான விதி. பன்னிரண்டாவது வருடம் போய்க் கேஸ் ஷீட் கேட்டால் சிரிக்கிறார்கள். அதிர்ஷ்டவசமாக லேபர் ரிஜிஸ்டர், அந்த நீளமான கெட்டி அட்டை நோட்டு, மாடிப்படிக்குக் கீழே அடுக்கில் இருந்தது. ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது, அந்தப் பக்கம் தப்பியிருந்தது. தலையில் 31.12.2007, இரண்டாவது வரியில் நீல மையில் 1.1.08. அந்த நர்ஸ் சின்னதாக எழுதிய அந்த நாலு எண்தான் எங்களைக் காப்பாற்றியது. உறுதிமொழி கொடுத்தவர்கள் பிரசவத்தின்போது கூட இருந்த அண்ணியின் அத்தையும், பிரசவம் பார்த்த டாக்டரும். மூன்று நடை, ஏறக்குறைய இரண்டு மாதம்.

இதிலிருந்து ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு குழந்தைக்கும் தேதியும் நேரமும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறப்பு அறிக்கையை 21 நாளுக்குள் அனுப்ப வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. அனுப்புவதற்கு முன்னால் படிவத்தை ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். இரட்டையருக்கு ஒரே படிவம் போதாது, ஆளுக்கொன்று நிரப்பி, குறிப்புப் பகுதியில் இரட்டைப் பிறப்பு என்று எழுத வேண்டும். அந்தக் குறிப்பு விடுபட்டால், பின்னால் பதிவேட்டைப் பார்க்கிறவருக்கு ஒரு தாய்க்கு அடுத்தடுத்த நாளில் இரண்டு பிரசவமா என்று சந்தேகம் வரும். நேரத்தை 23.56, 00.04 என்று இருபத்துநாலு மணிக் கணக்கில் எழுதச் சொல்வது இன்னும் நல்லது. 00.04 என்று எழுதினவர் கை தானாகவே புதுத் தேதியைப் போடும்.

மூத்தவளோட பதிவை 2007 ரிஜிஸ்டர்ல தேடினா இல்லைங்கிறாங்க. தொலைஞ்சு போச்சா?

2008-ல் தேடச் சொல்லுங்கள். பதிவு எண் ஒவ்வொரு ஜனவரி 1-லும் ஒன்றிலிருந்து தொடங்கும். எண் விழுவது பதிவு செய்த நாளை வைத்து, பிறந்த நாளை வைத்து அல்ல. டிசம்பர் கடைசியில் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை ஜனவரியில்தான் பதிவாகும். எங்கள் பெண்கள் இருவருக்கும் 2008-ஆம் வருட எண்தான், அதுவும் அடுத்தடுத்த எண்கள். வருடம் வேறாக இருக்கிறதே, இவர்கள் நிஜமாகவே இரட்டையரா என்று யாராவது கண்ணைச் சுருக்கினால், அந்த அடுத்தடுத்த எண்ணைக் காட்டுவேன். அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

ஸ்கூல்ல ரெண்டு பேரையும் ஒரே வகுப்புல சேர்க்க முடியுமா? வருஷம் வேறயா இருக்கே?

முடியும். பள்ளிக்கு ஆங்கிலப் புத்தாண்டு ஒரு எல்லையே இல்லை. நம் மாநிலத்தில் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு வயதை ஜூலை 31-ஐ வைத்துப் பார்க்கிறார்கள். 2024-25-ல் எல்கேஜிக்கு 1.8.2020 முதல் 31.7.2021 வரை பிறந்தவர்கள் என்று அறிவித்தார்கள். டிசம்பர் 31, ஜனவரி 1 இரண்டும் இந்த வட்டத்தின் நடுவில் சேர்ந்தே விழுந்துவிடுகின்றன.

உண்மையில் பிரச்சினை யாருக்கு என்றால், ஜூலை 31 இரவும் ஆகஸ்ட் 1 விடியற்காலையுமாகப் பிறந்த இரட்டையருக்கு. அவர்களை யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள், பேப்பரில் வராது. 31.7.2021 இரவு 11.50-க்குப் பிறந்தவன் அந்த வருடம் விண்ணப்பிக்கலாம், 1.8.2021-ல் 12.05-க்குப் பிறந்தவன் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலான பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்றால், மூத்தவனையும் ஒரு வருடம் நிறுத்தி இருவரையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். அப்படிச் செய்வதில் சட்டச் சிக்கல் இல்லை, 1.8.2021 முதல் என்று அடுத்த வருட அறிவிப்பு வரும்போது மூத்தவன் அந்தச் சலுகைக்கு ஒரு நாளில் வெளியே நிற்பான் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படின்னா இந்தப் புது வருஷக் கோடு எங்கதான் கடிக்கும்?

முக்கியமாக விளையாட்டில். வயதுப் பிரிவுகளைப் பல போட்டிகளில் காலண்டர் வருடத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். 2017-ல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு 1.1.2000 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள்தான் ஆடலாம். 1999 டிசம்பர் 31 இரவு கடைசி நிமிடத்தில் பிறந்தவன் வெளியே, அவனுக்குப் பின்னால் வந்த தம்பி உள்ளே. அது மட்டுமல்ல, தம்பி தன் பிரிவில் எல்லோரையும்விட வயதில் மூத்தவனாக, வளர்ந்தவனாக நிற்பான். அண்ணன் எப்போதும் தன் பிரிவில் எல்லோரையும்விடச் சின்னவனாக இருப்பான். எட்டு நிமிடத்தில் ஒருவனுக்கு வருடத்தின் முதல் நாள், இன்னொருவனுக்குக் கடைசி நாள். பிள்ளைகளை ஓட்டப்பந்தயத்துக்கோ கபடிக்கோ அனுப்புகிறவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

நீட் தேர்விலும் இந்தக் கோடு உண்டு. சேர்க்கை வருடத்தின் டிசம்பர் 31-க்குள் 17 நிறைந்திருக்க வேண்டும். கணக்குப்படி எங்கள் மூத்தவள் 2024 நீட்டுக்கே தகுதி, இளையவளுக்கு 2025-தான். ஆனால் இருவரும் ப்ளஸ் டூ முடித்ததே 2025-ல் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வகுப்பு முன்னதாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் இது முள்.

ஓட்டுரிமை வேடிக்கையானது. ஜனவரி 1 தகுதி நாள், அன்று 18 நிறைந்திருக்க வேண்டும். 31.12.2007-ல் பிறந்தவளுக்கும் 1.1.2008-ல் பிறந்தவளுக்கும் 2026 ஜனவரி 1 அன்று 18 நிறைந்துவிட்டது, இருவரும் ஒரே பட்டியலில் ஏறலாம். பிரிவது ஜனவரி 1-க்கும் 2-க்கும் நடுவில் பிறந்த இரட்டையர்தான். முன்பெல்லாம் இளையது ஒரு முழு வருடம் காத்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டிலிருந்து ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று மேலும் மூன்று தகுதி நாட்கள் வந்துவிட்டதால் இப்போது மூன்று மாதம்தான்.

18 வயசு நிறையறது எந்த நிமிஷத்துல? இரவு 11.56-க்கா?

இல்லை. 1875-ஆம் வருடத்து வயதுவந்தோர் சட்டம், பிறந்த நாளை ஒரு முழு நாளாகச் சேர்த்து எண்ணச் சொல்கிறது. பதினெட்டாவது பிறந்தநாள் தொடங்கும்போதே ஆள் மேஜர். மூத்தவள் 2007 டிசம்பர் 31 முடிய நாலு நிமிடம் இருக்கும்போது பிறந்தாள், ஆனால் சட்டம் அவள் அந்த நாள் முழுக்க இருந்ததாகவே கணக்கு வைக்கிறது. 2025 டிசம்பர் 31 பிறந்த அந்தக் கணமே அவள் மேஜர், தங்கை அதற்குச் சரியாக 24 மணி நேரம் கழித்து. எட்டு நிமிடம் எப்படி ஒரு நாளாக நீள்கிறது என்பது இங்கேதான் அப்பட்டமாகத் தெரியும். அந்த ஒரு நாளில் மூத்தவள் வங்கியில் தானே கையெழுத்துப் போடலாம், தங்கைக்கு அப்பா கையெழுத்து வேண்டும்.

அரசாங்க வேலைக்குப் போனா ரிட்டயர்மெண்ட்லயும் ஒரு வருஷம் வித்தியாசம் வருமா?

வராது, அதுதான் அழகு. மத்திய அரசின் அடிப்படை விதி 56-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 60 நிறைகிற மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு. ஆனால் மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தின மாதத்தின் கடைசி நாளிலேயே போய்விட வேண்டும். பிறந்த நாளை முழு நாளாக எண்ணினால் முதல் தேதியில் பிறந்தவருக்கு முந்தின நாள் இரவோடு வருடம் நிறைந்துவிடுகிறது அல்லவா, அந்தக் கணக்கு.

எங்கள் பெண்கள் இருவரும் மத்திய அரசு வேலைக்குப் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம், ஓய்வு வயதும் 60-ஆகவே இருந்தது என்றும் வைத்துக்கொள்வோம். மூத்தவள் 31.12.2067 அன்று ஓய்வு பெறுவாள். இளையவளுக்கு 1.1.2068-ல் 60, ஆனால் முதல் தேதி என்பதால் அவளும் 31.12.2067. பிறப்புச் சான்றிதழ் பிரித்ததைப் பணிப்பதிவேடு சேர்த்துவைக்கிறது. ஜனவரி 1-க்கும் 2-க்கும் நடுவில் பிறந்திருந்தால்தான் ஒரு மாதம் வித்தியாசம். மூத்தவள் டிசம்பர் 31-ல் கிளம்ப, இளையவள் ஜனவரி 31 வரை சம்பளம் வாங்குவாள். எங்கள் தலைமுறையில் தலைமையாசிரியர் பார்த்து மே, ஜூன் தேதியாகப் போட்டுவிட்ட பிறந்தநாட்களோடு ஓய்வு பெற்றவர்களுக்கு இந்த ஒரு தேதியின் மதிப்பு நன்றாகத் தெரியும்.

ஜாதகம் ரெண்டு எழுதணுமா, ஒண்ணு போதுமா? தேதி எதைப் போடுறது?

ஆளுக்கொன்று எழுதுவதுதான் வழக்கம், உள்ளே பெரும்பாலும் ஒரே கட்டம்தான் இருக்கும். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. 11.56, 12.04 இரண்டுமே திங்கட்கிழமைதான், மார்கழி 16-தான். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், அப்படிப் பார்த்தால் இவர்களுக்கு இடையில் மூன்றில் ஒரு பங்கு நாழிகை. லக்னம் மாறச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். நட்சத்திரத்தின் ஒரு பாதமே ஏறக்குறைய ஆறு மணி நேரம். எட்டு நிமிடத்தில் இவை மாறுவதற்கு அந்த எல்லை சரியாக நடுவில் வந்து விழ வேண்டும்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை வைத்து எண்ணப்படுகிறது. கும்பகோணம் அதற்கு மேற்கே மூன்று பாகைக்கு மேல் தள்ளி இருக்கிறது, பாகைக்கு நாலு நிமிடம். அதனால் கும்பகோணத்தின் சொந்த நேரம் நம் கடிகாரத்தைவிடச் சுமார் 12 நிமிடம் பின்தங்கியது. கடிகாரத்தில் 12.04 என்றால் ஊர் நேரத்தில் 11.52 கூட ஆகியிருக்காது. எங்கள் குடும்ப ஜோசியர் இதைக் கழித்து எழுதிவிட்டு, "ரெண்டுமே பழைய வருஷம்தான் தம்பி" என்றார். அவர் கணக்கு சரி. 1906-க்கு முன்னால் சென்னை நேரம் புழக்கத்தில் இருந்தபோது பிறந்திருந்தாலும் இருவரும் டிசம்பர் 31-ல்தான் இருந்திருப்பார்கள், சென்னை நேரம் இந்திய நேரத்தைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் பின்தங்கியது. ஆனால் ஜாதகத்தில் இருக்கும் தேதியைத் தூக்கிக்கொண்டு பதிவாளரிடம் போகாதீர்கள். போனவர்களை எனக்குத் தெரியும்.

யாரு மூத்தவ? பின்னாடி வந்ததுதான் மூத்ததுன்னு எங்க வீட்ல சொல்றாங்களே?

முதலில் கருவானது உள்ளே போய்த் தங்கிவிடும், அதனால் பின்னால் வரும் என்று எங்கள் பக்கத்திலும் சொல்வார்கள். அதில் ஒரு ஆதாரமும் இல்லை. பதிவேட்டுக்கு முதலில் வெளியே வந்ததுதான் மூத்தது. வீட்டில் நீங்கள் யாரை அக்கா என்று கூப்பிடச் சொன்னாலும் சர்க்கார் தலையிடாது.

பின்னாடி வந்த குழந்தைக்கு முன்னாடி நேரம் விழுமா? எங்கேயோ படிச்சேன்.

அமெரிக்காவில் விழுந்திருக்கிறது. அங்கே நவம்பரில் ஒரு இரவு, இரண்டு மணியானதும் கடிகாரத்தை ஒரு மணிக்குத் திருப்பி வைப்பார்கள். 2016-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு குழந்தை 1.39-க்குப் பிறந்தது, அதன் தம்பி 31 நிமிடம் கழித்து, கடிகாரப்படி 1.10-க்கு. நம் நாட்டில் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் இல்லாததால் இங்கே அப்படி நடக்காது. இங்கே இளையதுக்கு முந்தின தேதி விழுந்திருந்தால் கையில் கட்டிய அடையாள நாடாவோ படிவமோ மாறிவிட்டது என்று அர்த்தம். உடனே போய்க் கேளுங்கள், குழந்தைகளின் எடையை இரண்டு படிவத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எடையை வைத்தே எது எது என்று தெரிந்துவிடும்.

பிறந்தநாள் எப்படிக் கொண்டாடுறீங்க?

மார்கழியில் நட்சத்திரம் வருகிற அன்று கும்பேஸ்வரர் கோயிலில் இருவர் பேருக்கும் ஒரே அர்ச்சனைச் சீட்டு. கேக் டிசம்பர் 31 இரவு. 11.56-க்கு மூத்தவள் வெட்டுவாள், வெட்டிய துண்டை யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பது இளையவளின் கட்டளை. எட்டு நிமிடம் எல்லோரும் கையில் கேக்கோடு நிற்போம்.